ஆறு மின்தடையாக்கிகளின் வளையம்: அடுத்தடுத்த இரு முனைகளுக்கிடையே சமச்சீர் எங்கே இருக்கிறது?

பாலாற்றங்கரை

வணக்கம். நான் காட்பாடியில் மாலை வேளைகளில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் 100 ஓம் மின்தடையாக்கிகள் ஆறினை பிரெட்போர்டில் ஒன்றன் வாலில் ஒன்றாகச் செருகி, கடைசி ஒன்றை முதலாவதுடன் சேர்த்து, ஒரு வளையமாக அமைத்தோம். ஆறு முனைகளுக்கும் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று வரிசையாகப் பெயர் வைத்தோம். அ, ஆ என்ற அடுத்தடுத்த முனைகளில் மல்டிமீட்டரின் கம்பிகளை வைத்தபோது 83.6 ஓம் காட்டியது. அ, ஈ என்ற எதிரெதிர் முனைகளில் வைத்தபோது ஏறக்குறைய 150 காட்டியது.

கணக்கில் எனக்குச் சிக்கல் இல்லை. அ-விலிருந்து ஆ-வுக்கு நேராகப் போனால் 100 ஓம், சுற்றி வளைத்துப் போனால் 500 ஓம், இரண்டும் பக்க இணைப்பு, ஆகவே 100 × 500 / 600 = 83.3. ஆனால் ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. எதிரெதிர் முனைகளுக்கு விளக்கும்போது, "சமச்சீரால் மின்னோட்டம் இரு பக்கமும் சரிபாதியாகப் பிரிகிறது" என்று நான் சொல்லியிருந்தேன். அவன் எழுந்து, "டீச்சர், ஆறும் ஒரே மதிப்பு, வளையத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் முன்பு போலவேதான் இருக்கிறது, அப்படியிருக்க அடுத்தடுத்த முனைகளில் மட்டும் அந்தச் சமச்சீர் எங்கே போய்விட்டது?" என்று கேட்டான்.

பாதைகளின் நீளம் வேறு என்று பதில் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று வீடு திரும்பும்போது தோன்றியது. பக்க இணைப்புச் சூத்திரத்தைத் தொடாமல், சமச்சீரை மட்டும் வைத்துக்கொண்டு 83.3-ஐ வரவழைக்க முடியுமா?

தேர்வுநாள்

உங்கள் விடையே தவறு என்று நினைக்கிறேன், மேடம். இது நுழைவுத் தேர்வுகளில் அடிக்கடி வருகிற கணக்கு. 100 ஓம் வளையத்தில் ஆறில் ஒரு பங்கு தள்ளி இருக்கும் இரு புள்ளிகள் என்றால், சிறிய வில் 16.67 ஓம், பெரிய வில் 83.33 ஓம். நீங்கள் பெரிய வில்லின் மின்தடையைக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டீர்கள். இரண்டையும் பக்க இணைப்பாக எடுத்தால் 13.9 ஓம்தான் சரியான விடை.

பாலாற்றங்கரை

நீங்கள் சொல்வது மொத்தம் 100 ஓம் உள்ள ஒரே கம்பியை வட்டமாக வளைத்த கணக்கு. என்னிடம் இருப்பது ஒவ்வொன்றும் 100 ஓம், மொத்தம் 600. உங்கள் விடையை ஆறால் பெருக்கினால் என் விடை வந்துவிடும். ஆனால் உங்கள் பெரிய வில்லும் 83.33 என்று வருவது வேடிக்கையான பொருத்தம். மாணவர்கள் இதில் வழுக்கி விழுவார்கள் என்பதால் குறித்து வைத்துக்கொள்கிறேன். மீட்டரும் 83.6 என்றுதான் சொல்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குமரன்_ஆம்பூர்

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. சமச்சீரால் செய்ய முடியும் என்றே நினைக்கிறேன், ஆனால் என் விடை எங்கோ பிசகுகிறது.

அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே வளையத்தைக் குறுக்காக வெட்டும் ஒரு கோட்டை வரையுங்கள். அந்தக் கோடு அ-ஆ மின்தடையாக்கியின் நடுப்புள்ளி வழியாகவும், எதிரே உள்ள ஈ-உ மின்தடையாக்கியின் நடுப்புள்ளி வழியாகவும் போகும். கோட்டின் இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றாக இருப்பதால், தாளை மடிப்பது போல வளையத்தை அந்தக் கோட்டின் மேல் மடிக்கலாம். அப்போது அ-வின் மேல் ஆ-வும், ஊ-வின் மேல் இ-யும், உ-வின் மேல் ஈ-யும் விழும். மடித்தபின் 100 ஓம் இணைகள் எல்லாம் 50 ஆகின்றன, பாதியாக வெட்டுப்பட்ட 50 ஓம் துண்டுகள் 25 ஆகின்றன. ஒரு வழியில் 25, மறு வழியில் 50 + 50 + 25 = 125. இவற்றின் பக்க இணைப்பு 20.83 ஓம்.

இது 83.33-இல் சரியாகக் கால் பங்கு. தற்செயலாக இப்படி அமையாது. நான்கால் பெருக்க வேண்டிய ஏதோ ஓரிடத்தை விட்டிருக்கிறேன், ஆனால் அது எது என்று பிடிபடவில்லை.

ஓய்வாசிரியர்_ஆற்காடு

தம்பி குமரன் கோட்டைச் சரியான இடத்தில்தான் வரைந்திருக்கிறார், ஆனால் அந்தக் கோட்டைக் கொண்டு செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டார்.

ஒரு சுற்றை மடிக்கிறோம் என்றால், ஒன்றன் மேல் ஒன்று விழும் இரு புள்ளிகளைக் கம்பியால் இணைக்கிறோம் என்று பொருள். இணைத்தபின்பும் சுற்றில் எதுவும் மாறாதிருக்க வேண்டுமானால், அவ்விரு புள்ளிகளுக்கும் முன்பே ஒரே மின்னழுத்தம் இருந்திருக்க வேண்டும். அ-வையும் ஆ-வையும் இணைத்தால் நிலைமை என்ன ஆகும்? மின்கலத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் குறுக்கே இணைத்ததாகும். எதிரெதிர் முனைகளான அ, ஈ இரண்டின் வழியாகவும் செல்லும் கோடு வேறு வகை. அதில் மடிக்கும்போது அ-வும் ஈ-யும் கோட்டின் மேலேயே தங்கிவிடுகின்றன, இடம் மாறுவது ஆ-வும் ஊ-வும், இ-யும் உ-வும். அங்கே மடிப்பது சரி. இங்கே இருக்கும் கோடு மின்கலத்தின் இரு முனைகளையே இடம் மாற்றிவிடுகிறது.

அப்படியானால் இந்தக் கோடு எதற்கும் உதவாதா என்றால், மிக நன்றாக உதவும், மடிப்பதற்குப் பதிலாக வெட்ட வேண்டும் என்பதுதான் வேறுபாடு. அ-வை 1 வோல்ட்டிலும் ஆ-வை 0 வோல்ட்டிலும் வைத்தால், கண்ணாடிப் பிம்பத்தில் இரண்டும் இடம் மாறும், ஆனால் கோட்டின் மேல் உள்ள புள்ளி தன் இடத்திலேயே இருக்கும். அது 1-க்கும் 0-வுக்கும் சம உரிமை உடையது, ஆகவே அதன் மின்னழுத்தம் அரை வோல்ட். கோட்டின் மேல் நமக்கு இரு புள்ளிகள் உள்ளன, ஒன்று அ-ஆ-வின் நடுவில், மற்றொன்று ஈ-உ-வின் நடுவில். இரண்டும் அரை வோல்ட்டில் இருப்பதால் அவற்றை இணைக்கலாம். இப்போது அ-வின் பக்கத்துப் பாதியில் 50 ஓம் ஒரு வழி, 250 ஓம் மறு வழி, பக்க இணைப்பு 41.67. ஆ-வின் பக்கத்துப் பாதியும் அதுவே. இரு பாதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது தொடரிணைப்பில் இருப்பதால் 83.33.

தம்பி அவ்விரு 41.67-ஐயும் தொடரில் வைக்காமல், மடித்த காரணத்தால் பக்கத்தில் வைத்துவிட்டார். கூட்டினால் இரட்டிப்பாக வேண்டியது பாதியாகிவிட்டது, அதனால்தான் நான்கு மடங்கு வேறுபாடு.

ஆனாலும் மேடத்தின் மாணவன் கேட்டது இந்தக் கண்ணாடிச் சமச்சீரைப் பற்றி அல்ல. "எப்படித் திருப்பினாலும்" என்று அவன் சொன்னது சுழற்சிச் சமச்சீர். அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கண் இப்போது ஒத்துழைக்கவில்லை.

கம்பியும்_ஈயமும்

நான் குடியாத்தத்தில் ரேடியோ, டிவி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவன், படித்த படிப்பு குறைவு. டீச்சர் அம்மா வாங்கிய ரெசிஸ்டர் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். போர்டில் கழற்றாமல் அளந்தால் கலர் கோடு சொல்வதைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் மீட்டரின் ஓட்டம் பின்பக்கமாகவும் ஒரு வழி கண்டுபிடித்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இதைப் பார்த்து நல்ல ரெசிஸ்டரைக் கழற்றி வீசுவார்கள். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான். கரண்ட் இல்லாமல், கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது, போர்டில் வைத்து அளந்து, கோட்டில் உள்ளதைவிட நன்றாக அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். குறைவாகக் காட்டினால் எதுவும் சொல்ல முடியாது, ஒரு காலைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

டீச்சர் அம்மாவின் வளையத்தில் எந்த ரெசிஸ்டர் கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் கேள்வி என்றால், ஒரு காலைத் தூக்கிவிட்டு ஆறையும் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை

அண்ணா, கேள்வி அதுவல்ல, ஆனால் நீங்கள் சொன்னதை இன்று மாணவர்கள் முன்னிலையில் செய்து பார்த்தேன், நல்ல வேளையாக. முழு வளையத்தில் ஆறு இடங்களிலும் அளந்தபோது 82.9-க்கும் 84.2-க்கும் இடையில் இருந்தது. பிறகு இ-ஈ மின்தடையாக்கியின் ஒரு காலை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் அளந்தோம். ஐந்து இடங்களில் 100-ஐ ஒட்டியே காட்டியது, இ-ஈ இடையில் மட்டும் ஏறக்குறைய 500.

இதில் மாணவர்களை வியக்க வைத்தது அந்த ஐந்து 100-கள்தான். பொன் நிற வளையத்துடன் 100 என்று போட்ட பொருள் 100 காட்டினால் எல்லாம் சரி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இங்கே 83 என்பதுதான் நலம், 100 என்பது வளையம் வேறு எங்கோ அறுந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒருத்தி, "அப்படியானால் இ-ஈ குறுக்கிணைப்பாகிவிட்டால்?" என்று கேட்டாள். ஒரு கம்பித் துண்டை அதன் குறுக்கே வைத்தோம். அந்த இடத்தில் ஏறக்குறைய சுழியம், மற்ற ஐந்து இடங்களிலும் 80. ஐந்து மின்தடையாக்கிகளின் வளையம் ஆகிவிட்டது என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஓய்வாசிரியர்_ஆற்காடு

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். எண்கள் எளிதாக இருப்பதற்காக 12 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்வோம். தாளில் ஒரு வளையம் வரைந்துகொண்டு என்னுடன் வந்தால் இன்னும் எளிது.

வளையம் எந்தப் பக்கமும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கிறது, அந்தச் சமச்சீரைக் கெடுப்பது நாம் அ-வில் ஒரு கம்பியும் ஆ-வில் ஒரு கம்பியும் வைப்பதுதான். மாணவனின் கேள்விக்கு என் முதல் பதில் இது. சமச்சீர் வளையத்துக்கு மட்டும் உரியதல்ல, வளையமும் கம்பிகள் வைத்த இடமும் சேர்ந்த மொத்தத்துக்கு உரியது. ஆகவே கம்பிகள் வைக்கும் வேலையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் சமச்சீர் கெடாதபடி செய்ய முடியுமா என்று பார்ப்போம்.

முதல் முறை, 12 மில்லி ஆம்பியரை அ-வில் செலுத்துகிறேன். அதை ஆ-வில் எடுக்காமல், ஆறு முனைகளிலும் தலா 2 மில்லி ஆம்பியராக வெளியே எடுக்கிறேன். ஆறில் அ-வும் ஒன்று என்பதால் அங்கேயே 2 வெளியே போய்விடும், வளையத்துக்குள் நுழைவது 10. இப்போது அ-வின் இடமும் வலமும் முற்றிலும் ஒன்றுதான், ஒரு பக்கத்தை விரும்ப எந்தக் காரணமும் இல்லை. ஆகவே ஆ-வை நோக்கி 5, ஊ-வை நோக்கி 5. ஆ-வில் 2 வெளியேற, மீதி 3 இ-யை நோக்கிப் போகும். இ-யில் 2 வெளியேற, மீதி 1 ஈ-யை அடையும். மறு பக்கத்திலும் இதேபோல் 5, 3, 1. ஈ-யில் இரு பக்கமிருந்தும் ஒவ்வொன்று வந்து, 2 ஆகி வெளியேறுகிறது. கணக்கு மீதமின்றி முடிகிறது.

இரண்டாம் முறை, ஆறு முனைகளிலும் தலா 2 செலுத்துகிறேன், மொத்தம் 12-ஐயும் ஆ-வில் எடுக்கிறேன். இது முன்னதன் திருப்பம். ஆ-வுக்கு இரு பக்கமிருந்தும் 5, 5 வந்து சேரும், அதற்கு முந்திய துண்டுகளில் 3, அதற்கும் முந்திய துண்டுகளில் 1.

இப்போது இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கிறேன். மின்தடையாக்கிகள் ஓம் விதிக்கு உட்பட்டவை என்பதால் இப்படிக் கூட்டுவதில் தடை இல்லை. ஒவ்வொரு முனையிலும் முதல் முறை வெளியேறிய 2-ஐ இரண்டாம் முறை உள்ளே வந்த 2 ஈடுகட்டிவிடுகிறது. மிஞ்சுவது அ-வில் நுழையும் 12, ஆ-வில் வெளியேறும் 12 மட்டுமே, அதாவது மேடத்தின் உண்மையான சோதனை. அ-ஆ துண்டில் முதல் முறையிலும் அ-விலிருந்து ஆ-வுக்கு 5, இரண்டாம் முறையிலும் அதே திசையில் 5, ஆக 10. பத்து மில்லி ஆம்பியர் 100 ஓம் வழியே போனால் 1 வோல்ட். ஒரு வோல்ட்டுக்கு 12 மில்லி ஆம்பியர் நுழைகிறது என்றால் மின்தடை 83.3 ஓம். பக்க இணைப்புச் சூத்திரம் எங்கும் வரவில்லை.

சரிபார்க்க விரும்புகிறவர்கள் மற்ற துண்டுகளையும் கூட்டிப் பாருங்கள். அ-ஊ துண்டில் முதல் முறை அ-விலிருந்து 5 போகிறது, இரண்டாம் முறை எதிர்த்திசையில் 3 வருகிறது, மிச்சம் 2. ஊ-உ துண்டில் 3 போக 1 எதிரே வர, மிச்சம் 2. உ-ஈ துண்டில் 1-ம் 1-ம் ஒரே திசையில் சேர்ந்து 2. ஐந்து துண்டுகளிலும் இதேபோல் 2 வருகிறது. நீண்ட பாதையில் 2 மில்லி ஆம்பியர் 500 ஓம் வழியே போனாலும் அதே 1 வோல்ட்.

ஆறுக்குப் பதில் n என்றால், இதே வழியில் R(n−1)/n என்று வரும். மூன்று என்றால் மூன்றில் இரு பங்கு, நூறு என்றால் 99 ஓம்.

தேர்வுநாள்

கம்பிக் கணக்கு என்று நினைத்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த 2 மில்லி ஆம்பியர்களை எனக்குச் செரிக்க முடியவில்லை, ஐயா. ஆறு முனைகளிலும் ஒரே அளவு வெளியேறும் என்று யார் சொன்னது? அ-வுக்கு அருகில் இருக்கும் ஆ-வில்தானே அதிகம் வெளியேற வேண்டும்? தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பதும் தெரியவில்லை.

ஓய்வாசிரியர்_ஆற்காடு

ஆறு முனைகளையும் ஒரு பொதுத் தரைக்கம்பியில் இணைத்தால் நீங்கள் சந்தேகப்படுவது சரி, சமமாக வெளியேறாது. நான் தரைக்கம்பியைச் சொல்லவில்லை. ஒவ்வொரு முனையிலும், மின்னழுத்தம் என்னவாக இருந்தாலும் சரியாக 2 மில்லி ஆம்பியரை மட்டுமே இழுக்கிற ஒரு மாறா மின்னோட்ட மூலம் இருப்பதாகக் கொள்கிறேன். அப்படிப்பட்ட சுற்றைக் கடையில் கிடைக்கும் சில பொருள்களைக் கொண்டு செய்யவும் முடியும், ஆனால் செய்யத் தேவையில்லை, ஏனென்றால் இறுதியில் அவை எல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன.

சமமாகத்தான் வெளியேற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நான் அவ்வாறு தேர்ந்தெடுத்தேன். சமமாக எடுத்தால் முதல் முறையில் அ-வின் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும், அந்த 5-5 பிரிவைக் கணக்கிடாமலே சொல்லிவிடலாம். தேர்வில் எழுத வேண்டுமானால் பக்க இணைப்பையே எழுதுங்கள், இரண்டு வரியில் முடிந்துவிடும்.

குமரன்_ஆம்பூர்

ஐயாவின் விளக்கம் அருமை, என் நான்கு மடங்குப் பிழையும் தெளிந்தது. சமச்சீரைக் கெடுத்தால் என்ன மிஞ்சும் என்று பார்க்க ஈ-உ இடத்தில் மட்டும் 220 ஓம் போட்டுக் கணக்கிட்டேன். மொத்தம் 720. அ-ஆ இடையில் 100 × 620 / 720 = 86.1. ஈ-உ இடையில் 220 × 500 / 720 = 152.8. இப்போது முதல் முறையில் 5-5 என்று சொல்ல முடியாது, ஒரு பக்கத்தில் பெரிய தடை உட்கார்ந்திருக்கிறது.

பிறகு ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு இடத்திலும் மீட்டர் காட்ட வேண்டியதை, அங்கே இருக்கும் மின்தடையாக்கியின் மதிப்பால் வகுத்தேன். ஐந்து இடங்களில் 620/720, ஓர் இடத்தில் 500/720. எல்லாவற்றையும் கூட்டினால் 3600/720, அதாவது சரியாக 5. சமமான ஆறு மின்தடையாக்கிகளிலும் ஆறு முறை 5/6 என்று அதே 5 வருகிறது. இதற்குப் பெயர் ஏதாவது உண்டா?

ஓய்வாசிரியர்_ஆற்காடு

உண்டு, தம்பி. ஃபாஸ்டர் என்பவர் 1949-இல் வெளியிட்ட தேற்றம் அது. வளையத்துக்கு மட்டுமல்ல, ஒரே துண்டாக இணைந்த எந்த மின்தடை வலைக்கும் பொருந்தும். ஒவ்வொரு மின்தடையாக்கியின் இரு முனைகளுக்கிடையே அளக்கும் மதிப்பை அதன் சொந்த மதிப்பால் வகுத்துக் கூட்டினால், முனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக வரும். நீங்கள் வகுத்த அந்தப் பின்னத்துக்குத் தெளிவான பொருள் உண்டு. அந்த மின்தடையாக்கியின் இரு முனைகளில் செலுத்தும் மின்னோட்டத்தில் எத்தனை பங்கு அதன் வழியே நேராகப் போகிறது என்பதே அது. 12-இல் 10 போனதைப் பார்த்தோமே, அதுதான் 5/6.

மாணவனுக்கு இப்போது இன்னும் சுருக்கமான பதில் கிடைக்கிறது. மொத்தம் 5 என்பது எப்படியும் உறுதி. ஆறு இடங்களும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லாதவை என்றால் ஆளுக்கு 5/6. அவன் சொன்ன "எப்படித் திருப்பினாலும்" என்பது இந்தப் பங்கீட்டில்தான் வேலை செய்கிறது, இடமும் வலமும் சமமாகப் பிரிவதில் அல்ல.

பாலாற்றங்கரை

ஐயா, மிக்க நன்றி. 5, 3, 1 கணக்கை இன்று கரும்பலகையில் போட்டேன். கேள்வி கேட்ட பையன் ஏற்றுக்கொண்டான். ஆனால் வகுப்பில் பாதிப் பேர், "இரண்டு வரியில் முடியும் கணக்குக்கு இத்தனை சுற்றா?" என்று முகம் சுளித்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஃபாஸ்டரை நான் சொல்லவில்லை. நிரூபிக்காமல் ஒரு தேற்றத்தைக் கையில் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

இன்னொன்று. ஆறு இடங்களில் 82.9 முதல் 84.2 வரை வந்ததே, அந்த வேறுபாட்டுக்கு எதைக் குற்றம் சொல்வது?

ஓய்வாசிரியர்_ஆற்காடு

பெரும்பாலும் அந்தந்த இடத்து மின்தடையாக்கியையே. அதன் மதிப்பு 1 ஓம் கூடினால் உங்கள் அளவு ஏறக்குறைய 0.7 ஓம் கூடும். மற்ற ஐந்தில் ஏதாவது ஒன்று 1 ஓம் கூடினால் உங்கள் அளவு 0.03 ஓம்தான் நகரும், அதை உங்கள் மீட்டர் காட்டவே காட்டாது. பொன் நிற வளையம் என்றால் ஐந்து சதவீதம் வரை மேலோ கீழோ போக இடம் உண்டு, உங்களுடையவை அதற்குள் நன்றாகவே அடங்கியிருக்கின்றன.

நேர்ப் பாதை ஒன்றேயானாலும் 12-இல் 10 அதன் வழியாகத்தான் போகிறது என்பதை நினைத்தால் இது வியப்பில்லை.

கம்பியும்_ஈயமும்

மீட்டர் கம்பி இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள், டீச்சர் அம்மா. என் மீட்டரில் 0.3 இருக்கும், பழைய கம்பியில் இன்னும் அதிகம். உங்கள் 83.6-இல் கூடுதலாக இருக்கும் 0.3 அதுவாகவே இருக்கலாம். 10 ஓம் ரெசிஸ்டரில் இதைச் செய்திருந்தால் 8.3-க்குப் பதில் 8.6 காட்டி எல்லோரையும் குழப்பியிருக்கும். பிரெட்போர்டு பழசானால் ஓட்டைகளும் தளர்ந்துபோகும், காலை ஆட்டிப் பார்த்து எண் ஆடினால் ஓட்டை மேல்தான் குற்றம்.

பாலாற்றங்கரை

தொட்டுப் பார்த்தேன் அண்ணா, 0.2.

குமரன்_ஆம்பூர்

ஐயா, ஒன்று கேட்டு முடித்துக்கொள்கிறேன். வளையத்தின் நடுவில் ஒரு முனையை வைத்து, மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஆறு முனைகளுக்கும் ஆறு 100 ஓம் போட்டால்? இப்போது முனைகள் 7, மின்தடையாக்கிகள் 12. ஃபாஸ்டர் சொல்வதன்படி கூட்டுத்தொகை 6. பன்னிரண்டும் ஒரே மதிப்பு என்பதால் ஆளுக்கு அரை, எல்லா இடத்திலும் 50 ஓம் வரும் என்று நினைக்கிறேன்.

ஓய்வாசிரியர்_ஆற்காடு

மதிப்பு ஒன்றாக இருப்பது போதாது, இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். விளிம்பில் இருக்கும் ஒன்றைச் சக்கரத்தை எப்படிச் சுழற்றினாலும், எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் ஆரக்கால் ஆக்க முடியாது. ஆகவே விளிம்பு ஆறும் தங்களுக்குள் சமம், ஆரக்கால் ஆறும் தங்களுக்குள் சமம், இரு கூட்டத்துக்கும் இடையே சமச்சீர் எதுவும் சொல்லாது. ஃபாஸ்டரிடமிருந்து நமக்குக் கிடைப்பது, விளிம்பில் ஒரு அளவும் ஆரக்காலில் ஒரு அளவும் சேர்ந்து 100 ஓம் என்பது மட்டுமே. எதற்கு எத்தனை என்று பிரிக்க, நீங்கள் முன்பு வரைந்த அதே வெட்டுக்கோட்டை எடுங்கள். இந்த முறை நடு முனையும் அந்தக் கோட்டின் மேலேயே விழுகிறது. மீதியை நான் சொல்லப் போவதில்லை.

பாலாற்றங்கரை

பெட்டியில் மீதி இருந்த ஆறையும் செருகிவிட்டேன். விளிம்பில் 55.3, ஆரக்காலில் 45.1, கம்பியின் 0.2 கழிக்காமல். குமரன் கணக்கைப் போட்டு வாருங்கள், விளிம்பில் ஏன் அதிகம் என்று பையன் இப்போதே கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

குமரன்_ஆம்பூர்

நடு முனையைச் சுழியத்தில் வைத்து அ-வுக்கு +1, ஆ-வுக்கு −1 கொடுத்தேன். ஊ-வில் 4/11 வருகிறது, உ-வில் அதில் கால் பங்கு. அ-விலிருந்து கிளம்பும் மூன்று ஓட்டங்களைக் கூட்டி வகுத்தால் 11/20, ஆகவே 55 ஓம். ஆரக்காலுக்கு மீதி 45. எண் வந்துவிட்டது, மேடம். பையனின் "ஏன்" எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை. நடு முனையில் ஆறு கால்கள் கூடுவதால் அங்கே ஓட்டம் எளிதாகக் கலைகிறது, விளிம்பு முனையில் மூன்றுதான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.